மொய்க் கவரில் இரண்டு பெயர்



சென்னையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடைக்குப் போகும் வரிசையில் அவனும் அவளும் நிற்கிறார்கள். முன்னால் நின்ற ஆபீஸ் நண்பர் திரும்பி, "இவங்க?" என்று கேட்கிறார். அவன் ஒரு நொடி தயங்கி, "ஃபிரண்டு" என்கிறான். எட்டு மாதப் பழக்கம். அவள் கையிலிருக்கும் மொய்க் கவரில் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. எழுதியது அவன்தான்.

கற்பனைக் காட்சிதான், கேட்பவர்களில் சிலருக்கு ஏற்கெனவே நடந்தும் இருக்கலாம். பெயர் வைக்கப் பிடிக்காத இந்த உறவுக்கே இப்போது ஒரு பெயர் வந்துவிட்டது: சிச்சுவேஷன்ஷிப். 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அந்த ஆண்டின் சொல்லுக்கான இறுதிப் பட்டியலில் இதையும் சேர்த்தார்கள்.

சொல் புதிது, சங்கடம் பழையது. லெஸ்லி பாக்ஸ்டர், வில்லியம் வில்மாட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், நெருங்கிப் பழகுகிறவர்கள் எதைப் பேசாமல் தவிர்க்கிறார்கள் என்று விசாரித்து 1985-இல் எழுதினார்கள். அதிகம் பேர் தவிர்த்த விஷயம், தங்கள் உறவு எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். முந்தைய ஆண்டே இன்னொன்றையும் கண்டிருந்தார்கள். வாய்விட்டுக் கேட்காதவர்கள் ரகசியமாகப் பரீட்சை வைக்கிறார்கள். இரண்டு நாள் போன் செய்யாமல் இருந்து, அவன் கூப்பிடுகிறானா என்று பார்ப்பது ஒன்று. நாலு பேர் முன்னால் உறவுக்கு ஒரு பெயர் வந்தால் அவன் எப்படி எடுத்துக்கொள்கிறான் என்று கவனிப்பது இன்னொன்று.

இந்தப் பரீட்சையில் ஒரு கோளாறு உண்டு. எழுதுகிறவனுக்கே பரீட்சை நடப்பது தெரியாது. 'ஃபிரண்டு' என்றவன் அவளை மறைத்தானா, அப்பா காதுக்குச் செய்தி போய்விடும் என்று பயந்தானா? அந்த ஒரு சொல்லை வைத்து அவளால் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால் கேட்டுவிடுவதா? சும்மா இருப்பதால் நஷ்டம் இருந்தால் கேட்கத்தான் வேண்டும். இவளுக்கு இருக்கிறது, வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள். "நாம யாரு?" என்று மொட்டையாகக் கேட்டால், "நல்லாத்தானே போயிட்டிருக்கு" என்று அவன் நழுவிவிடுவான். நடு ராத்திரி வாட்ஸப்பில் கேட்டாலோ, நீல டிக் மட்டும்தான் மிஞ்சும்.

அதனால் ஞாயிறு காலை, காபிக் கடையில், நேருக்கு நேர் இரண்டே கேள்வி கேட்டாள். "வேற யாரையாவது பாக்குறியா? அம்மாகிட்ட உன்னைப் பத்திச் சொல்லலாமா?"

முதல் கேள்விக்கு உடனே "இல்லை" என்றான். இரண்டாவதற்கு "டைம் வேணும்" என்றான். இங்கேதான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அக்கா கல்யாணம் முடியட்டும், ஐப்பசியில் வீட்டில் பேசுகிறேன் என்று காரணமும் கெடுவும் சேர்ந்து வந்தால், அது அவகாசம் கேட்பது. இரண்டும் இல்லாமல் மூன்றாவது தடவையும் அதே வார்த்தை வந்தால், அவளைப் பொறுத்தவரை அதுவே பதில்.

அவன் காரணம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இதுதான் முதல் தடவை. ஜாதகத்தைத் தீபாவளி வரை வெளியே கொடுக்க வேண்டாம் என்று அன்று மாலை அம்மாவிடம் சொன்னாள். அதே தேதியை அவனிடமும் சொன்னாள்.