வாரம் மாறும் ஷிப்ட்டும் போன் மணியும்



நம்ம கூட்டமைப்பில் மில்லுக்குப் போறவங்க நிறையப் பேர். நானும் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பு மில்லில் ரிங் ஃபிரேம் பார்க்கிறேன். எனக்குத் தைராய்டு மாத்திரை உண்டு. எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடணும். அப்புறம் அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் டீ கூடக் குடிக்கக் கூடாது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரை இருந்தால் அதற்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேணும்.

தினமும் ஒரே நேரத்துக்கு அலாரம் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஷிப்ட் காலை 6 முதல் மதியம் 2, இரண்டாவது 2 முதல் இரவு 10, மூன்றாவது 10 முதல் காலை 6. மூன்றையும் சேர்த்தால் 24 மணி நேரமும் நிரம்பிப் போச்சு. எந்த நேரத்துக்கு அலாரம் வைத்தாலும் மூன்று வாரத்தில் ஒரு வாரம் அது வேலை நேரத்தில்தான் அடிக்கும். அப்போது போன் லாக்கரில் இருக்கும். அதனால் மணியைக் கடிகாரத்தோடு கட்டாமல், நாம் எழுந்திருக்கும் நேரத்தோடு கட்டணும்.

போனில் இருக்கும் சாதாரண அலாரத்துக்குத் திங்கள், செவ்வாய் என்று கிழமைதான் தெரியும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்பது தெரியாது. அதற்கு கூகுள் காலண்டர் வேணும். புதுக் குறிப்பு போட்டு, திரும்ப வரும் இடத்தில் Custom என்பதைத் தொட்டு, 3 வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்து, கிழமைகளைத் தேர்ந்தெடுக்கணும். மணி சரியாக அந்த நேரத்துக்கே அடிக்கும்படி வைக்கணும். அரை மணி முன்னால் அடிப்பது நமக்கு உதவாது.

நான் வைத்திருப்பதைச் சொல்றேன். முதல் ஷிப்ட் வாரம் திங்கள் முதல் சனி வரை காலை 4 மணி. இரண்டாவது ஷிப்ட் வாரம் அதே ஆறு நாளும் காலை 7 மணி. நைட் ஷிப்ட் வாரத்தில்தான் கவனம் வேணும். திங்கள் இரவுதான் வேலை தொடங்குது. அதனால் திங்கள் காலை வழக்கம்போல 7 மணிக்கு எழுந்திருப்போம். செவ்வாயிலிருந்துதான் காலையில் வந்து தூங்கி மதியம் 1 மணிக்கு எழுகிறோம். ஆகவே திங்களுக்குத் தனிக் குறிப்பு, செவ்வாய் முதல் சனிக்குத் தனிக் குறிப்பு. நைட் ஷிப்ட் முடிந்து வரும் ஞாயிறும் மதியம் 1 மணிதான், மற்ற இரண்டு ஞாயிறும் காலை 7. மூன்று ஞாயிறுக்கும் தனித்தனியாகக் குறிப்பு போடுங்கள். சில போனில் வாரம் ஞாயிறில் தொடங்கும். சேர்த்துப் போட்டால் அந்த ஞாயிறு வேறு வாரத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

இப்படி வைத்தால் ஒரு மாத்திரைக்கும் அடுத்ததுக்கும் எப்போதும் 24 மணி நேரம் இருக்காது. நைட் ஷிப்ட் தொடங்கும்போது 30 மணி ஆகும், முடியும்போது 15 மணிதான். டாக்டரிடம் என் ஷிப்ட் நேரத்தை எழுதிக் காட்டிக் கேட்டேன். இந்த மாத்திரைக்கு அது பரவாயில்லை, விட்டுப்போனதற்காக இரண்டாகச் சேர்த்துப் போடாமல் இருந்தால் போதும் என்றார். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், கருத்தடை மாத்திரைக்கெல்லாம் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவரவர் டாக்டரிடம் ஷிப்ட் நேரத்தைக் காட்டித்தான் கேட்கணும்.

காலண்டர் மணி ஒரே ஒரு தடவை டிங் என்று அடித்து நின்றுவிடும். தூக்கத்திலிருந்து எழுப்பாது. எழுவதற்கு அலாரம் தனியாக வேணும். அதில் மூன்று நேரத்தையும் ஷிப்ட் பெயரோடு போட்டு வைத்து, ஞாயிறு மாலை அடுத்த வாரத்துக்கு உரியதை மட்டும் ஆன் பண்ணுங்கள்.

பொங்கல், தீபாவளி லீவு முடிந்து மில் திறக்கும்போது ஷிப்ட் வரிசை மாறலாம். போனுக்கு அது தெரியாது, பழைய வரிசையிலேயே அடித்துக்கொண்டிருக்கும். லீவு முடிந்த முதல் நாள் மில் போர்டைப் பார்த்து, அடுத்த மூன்று திங்கட்கிழமையையும் காலண்டரில் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று தப்பினாலும் எல்லாமே தப்பும். அப்போது பழைய குறிப்புகளை அன்றிலிருந்து அழித்துவிட்டு, புதுத் தேதியில் தொடங்கிப் போடணும். This and following events என்று கேட்கும், அதைத் தொட்டால் இனி வருவது மட்டும் போகும்.

போன் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வாங்க, உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.