ஒரு நிமிட அறிமுகம்

(நூற்றாண்டு நிகழ்ச்சிகளின் மேடைப் பொறுப்பை ஏற்கவுள்ள உறுப்பினர்களுக்காக எமது சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இந்த ஆண்டு முழுவதும் எங்கள் மேடையில் நிறையப் பிள்ளைகள் ஏறப்போகிறார்கள். உயர்தரத்தில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவர், மாகாணப் போட்டியில் பதக்கம் பெற்றவர், விவாதத்தில் வென்றவர் என்று பட்டியல் நீளமாக இருக்கிறது. ஒவ்வொருவரையும் உங்களில் ஒருவர் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று சொல்லும்படி செயலாளர் என்னைக் கேட்டார். முப்பது வருடமாக இதைச் செய்தவள் என்பதற்காகக் கேட்டிருப்பார். நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. ஒருமுறை இதை மிகவும் பிழையாகச் செய்துவிட்டேன். அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழா. உயிரியல் பிரிவில் மாவட்ட முதலிடம் பெற்ற மாணவி, தனக்குப் பின் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் பேசுவதாக ஏற்பாடு. அறிமுகம் செய்தவள் நான். நான்கு நிமிடம் பேசினேன். “தோல்வி என்றால் என்னவென்றே அறியாதவர்” என்றேன். “நாளைய மருத்துவ உலகின் ஒளிவிளக்கு” என்றேன். மண்டபம் கைதட்டியது. எனக்கும் திருப்தி. அந்தப் பிள்ளை ஒலிவாங்கிக்கு முன் வந்து நின்றார். கையில் எழுதிய தாள் இருந்தது. அதை விரிக்கவில்லை. அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. “கூச்ச சுபாவம், பாவம்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

பிறகு ஒருநாள் ஒரு கலியாண வீட்டில் அவரைச் சந்தித்தேன். அன்று ஏன் பேசவில்லை என்று கேட்டேன். “டீச்சர், முதல் தவணையிலே இரசாயனவியலுக்கு எனக்கு முப்பத்தொரு புள்ளிதான். அதிலேயிருந்து எப்படி வந்தனான் எண்டுதான் எழுதிக்கொண்டு வந்தனான். நீங்கள் தோல்வியே அறியாத பிள்ளை எண்டு சொன்னாப் பிறகு அதை வாசிக்க ஏலாமல் போச்சு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முன்வரிசையில் இருந்த பிள்ளைகளுக்கு மிகவும் தேவையாக இருந்த அந்த முப்பத்தொரு புள்ளியை நான் மேடையிலேயே மூடிவிட்டேன். உண்மையைச் சொன்னால் என்னைப் பொய்யாக்க வேண்டும், நான் சொன்னதை ஒப்புக்கொண்டால் தான் பொய் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையை நிறுத்திவிட்டேன்.

எங்கள் பாட்டிமார் பிள்ளையை யாராவது அதிகம் புகழ்ந்தால் நாவூறு படும் என்று பயந்தார்கள். நாவூற்றை நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் பெரிய புகழ்ச்சி பிள்ளையை ஏதோ செய்கிறது என்று அவர்கள் கண்டது சரிதான். ஒல்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2014ஆம் ஆண்டு வெளியிட்டிருக்கிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரையான பிள்ளைகளிடம் வான் கோவின் ஓர் ஓவியத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். பிறகு ஓர் ஓவியர் எழுதியது என்று சொல்லி ஒரு குறிப்பைக் கொடுத்தார்கள். சிலருடைய குறிப்பில் “அழகாக வரைந்திருக்கிறாய்” என்று இருந்தது. வேறு சிலருக்கு அதே வசனத்தில் “நம்பமுடியாத அளவுக்கு” என்பதையும் சேர்த்தார்கள். அடுத்ததாக எந்தப் படத்தை வரைய விருப்பம், இலகுவானதா கடினமானதா என்று கேட்டார்கள். தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளைகளில், மிகைப்படுத்திய புகழ் கிடைத்தவர்கள் இலகுவான படங்களின் பக்கம் ஒதுங்கினார்கள். தன்னம்பிக்கை கூடிய பிள்ளைகள் அப்படி ஒதுங்கவில்லை. மேடைக்கு வரும் பிள்ளை இந்த இரண்டில் எந்தவகை என்று எங்களுக்குத் தெரியாது. முதலாம் இடம் பெற்றவர் என்பதால் தன்னம்பிக்கை கூடியவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

அந்தக் கலியாண வீட்டுக்குப் பிறகு நான் என் முறையை மாற்றிக்கொண்டேன். அண்மையில் செய்த ஓர் அறிமுகத்தை வைத்தே அதைச் சொல்கிறேன்.

கோலூன்றிப் பாய்தலில் மாகாண மட்டத்தில் முதலிடம் பெற்ற ஒரு மாணவி பேசுவதாக இருந்தது. விளையாட்டுப் பொறுப்பாசிரியர் தந்த தாளில் “தங்க மங்கை, அகில இலங்கைச் சாதனை வீராங்கனை, நாளைய ஒலிம்பிக் நட்சத்திரம்” என்று எழுதியிருந்தது. நான் தாளை மடித்து வைத்துவிட்டு, விழாவுக்கு மூன்று நாள் முன்பு பிள்ளையுடன் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசினேன். நான்கு கேள்விகள்தான் கேட்டேன். நீங்கள் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள்? போட்டியின் பெயர், வயதுப் பிரிவு, உயரம் ஆகியவற்றைச் சரியாகச் சொல்லுங்கள். உங்களைப் பற்றி நான் சொல்லக்கூடாதது ஏதும் உண்டா? உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

இரண்டாவது கேள்வியிலேயே அகில இலங்கைச் சாதனை இல்லாமற் போயிற்று. அது மாகாணப் பாடசாலைப் போட்டி, 18 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவு, உயரம் 2.80 மீற்றர். தாளில் இருந்ததை நான் அப்படியே வாசித்திருந்தால், சபையில் இருந்த மற்றப் பாடசாலைப் பயிற்றுநர்கள் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள். வெட்கம் எனக்கல்ல, அந்தப் பிள்ளைக்குத்தான் வந்திருக்கும்.

மூன்றாவது கேள்விக்கு அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்பாவைப் பற்றி ஒண்டும் சொல்லாதேங்கோ” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் இதை மிகவும் கவனமாகச் செய்ய வேண்டும். தகப்பனை இழந்த பிள்ளை, தாய் கூலிவேலை செய்து படிப்பித்த பிள்ளை என்று சொன்னால் சபை கண்கலங்கும். அறிமுகம் செய்தவருக்கும் உருக்கமாகப் பேசினார் என்று பெயர் கிடைக்கும். அந்தப் பிள்ளை அந்த நினைவோடு உடனே எழுந்து பேச வேண்டும் என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். அந்தத் துயரத்தைச் சொல்வதா விடுவதா என்பது அவருடைய உரிமை. அவரே பேச்சில் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

முதலாவது கேள்விக்குக் கிடைத்த பதில்தான் என் அறிமுகமாக மாறியது. 2.80 மீற்றரில் அவர் இரண்டு தடவை கம்பத்தை விழுத்தியிருக்கிறார். மூன்றாவது பாய்ச்சலுக்கு முன், கோலைப் பிடிக்கும் இடத்தைச் சற்றுக் கீழே இறக்கியிருக்கிறார். அதைப் பற்றித்தான் பேச இருந்தார். நான் எழுதியது இதுதான்:

“கோலூன்றிப் பாய்தலில் தொடர்ந்து மூன்று தடவை பிழைத்தால் போட்டி முடிந்துவிடும். இந்த ஆண்டு மாகாணப் பாடசாலைப் போட்டியில், 18 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில், ஒரு மாணவி 2.80 மீற்றரில் இரண்டு தடவை பிழைத்தார். மூன்றாவது தடவை தாண்டி முதலிடம் பெற்றார். இரண்டாவது பாய்ச்சலுக்கும் மூன்றாவதற்கும் இடையில் எதை மாற்றினார் என்பதை இப்போது அவரே சொல்லப்போகிறார்.”

அதன் பிறகு அவருடைய வகுப்பு, கடைசியாக அவருடைய பெயர். அவ்வளவுதான். வாசிக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. எழுதியதை முதல்நாள் இரவு அவருக்கு வாசித்துக் காட்டினேன். “முதலிடம் பெற்றார் எண்டதைக் கடைசியிலே சொல்லுவமா?” என்று கேட்டார். வேண்டாம், அதை மறைக்கத் தேவையில்லை என்றேன். பெற்றதைப் பெற்றதாகச் சொல்வதில் பிழையில்லை.

இதில் நான் விட்டவற்றையும் கவனியுங்கள். “திறமைசாலி”, “பிறவி வீராங்கனை” போன்ற சொற்கள் இல்லை. அவர் செய்தது இருக்கிறது, அவர் எப்படிப்பட்டவர் என்ற தீர்ப்பு இல்லை. எதிர்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நாளை அவர் கோலை வைத்துவிட்டுக் கணக்கியல் படிக்கப் போகலாம். அப்போது ஊரில் யாரும் “ஒலிம்பிக்குக்குப் போகேல்லையோ?” என்று கேட்கும்படி நான் ஏதும் விட்டுவைக்கக் கூடாது. ஒப்பீடும் இல்லை. அவருடைய அக்காவும் இங்கேதான் படித்தார். அவரோடு ஓடிப் பயின்ற பிள்ளைகள் நான்காவது வரிசையில் இருந்தார்கள். விழா முடிந்ததும் அவர் அவர்களோடுதான் பஸ் ஏற வேண்டும்.

அன்று அவர் ஒலிவாங்கிக்கு வந்து சொன்ன முதல் வசனம், “நான் மாத்தினது ஒரு கையளவுதான்” என்பது. அறிமுகம் சரியாக அமைந்ததா என்று அறிய இதுதான் வழி. பிள்ளையின் முதல் வசனத்தைக் கேளுங்கள். உங்கள் கடைசி வசனத்தைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினால் நல்லது. “டீச்சர் சொன்ன அளவுக்கு நான் ஒண்டுமில்லை” என்று தொடங்கினால், நீங்கள் ஏற்றிய சுமையை இறக்கிவைக்கத்தான் அவர் நேரத்தைச் செலவிடுகிறார்.

அன்று அந்தப் பிள்ளையின் தாய்க்குக் கொஞ்சம் மனக்குறைதான். “மற்றப் பிள்ளையளைப் பற்றி எல்லாரும் எவ்வளவு சொல்லுகினம், நீங்கள் சுருக்கிப்போட்டியள்” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. புகழைச் சுருக்குவது, கொடுக்க மனமில்லாத செயலாகத் தோன்றலாம். ஆகவே இப்போது நான் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பரிசின் முழு விபரமும் நிகழ்ச்சிநிரலில் அச்சாகும், பரிசு கொடுக்கும்போதும் வாசிக்கப்படும், மேடையில் அந்த நேரம் உங்கள் பிள்ளை பேசுவதற்குரியது. நான் எடுக்காத மூன்று நிமிடமும் உங்கள் மகளுக்குத்தான் என்று அந்தத் தாயிடம் சொன்னேன். “மகள் நல்லாத்தான் கதைச்சவள்” என்றார்.

இரசாயனவியலில் முப்பத்தொரு புள்ளி எடுத்த அந்தப் பெண்ணையும் இந்த ஆண்டு எங்கள் மேடைக்கு அழைத்திருக்கிறோம். அவர் இப்போது மருத்துவராக இல்லை, வேறு துறையில் இருக்கிறார். அறிமுகம் செய்ய நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டபோது, “புள்ளியைச் சொல்லுங்கோ டீச்சர், மிச்சத்தை நான் சொல்லுறன்” என்றார்.