கர்ப்பப்பை இல்லை, ஆனா கருமுட்டை இருக்கு: வாடகைத்தாய் சிகிச்சை எப்படி நடக்குது?

கருத்தரிப்பு மையத்துல லேப் வேலை பார்க்கிறவ நான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துல இருந்து வர்ற தம்பதிகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "வாடகைத்தாய் பெத்தா, குழந்தைக்கு அவங்க சாயல் வந்துடாதா?"

வராது. இந்தியாவுல இப்போ அனுமதி இருக்கிற முறையில வாடகைத்தாயோட கருமுட்டையைப் பயன்படுத்தவே கூடாது. கரு லேப்ல உருவாகும். அவங்க கர்ப்பப்பையில வளரும். அவ்வளவுதான். இன்னைக்குப் பேச்சு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுத்திதான்: முட்டை வேற, கர்ப்பப்பை வேற.

இது நல்லா புரியணும்னா எம்ஆர்கேஹெச்னு ஒரு பிறவிக் குறைபாட்டைப் பார்க்கலாம். சுமார் 5,000 பெண்கள்ல ஒருத்தருக்கு இருக்கும். கர்ப்பப்பை உருவாகியே இருக்காது, ஆனா பெரும்பாலும் சினைப்பை நல்லா இருக்கும். அதனால மார்பு வளர்ச்சி எல்லாம் சரியா இருக்கும், மாதவிடாய் மட்டும் வராது. ஒரு பொண்ணுக்கு 15 வயசு தாண்டியும் மாதவிடாய் வரலைன்னா "லேட்டா வரும்"னு விட்டுடாதீங்க. ஒரு ஸ்கேன் எடுத்தா பெரும்பாலும் தெரிஞ்சிடும்.

புற்றுநோய்க்காகக் கர்ப்பப்பையை எடுத்தவங்க, பல முறை ஐவிஎஃப் செஞ்சும் கரு தங்காதவங்க, காரணமே தெரியாம திரும்பத் திரும்பக் கரு கலையிறவங்க, கர்ப்பமானா உயிருக்கே ஆபத்துங்கிற நோய் இருக்கிறவங்களுக்கும் சட்டம் இடம் கொடுக்குது. "எனக்கு வேலை பிஸி"ங்கிறது காரணம் ஆகாது.

சரி, எம்ஆர்கேஹெச் உள்ள ஒரு மனைவிக்கு எப்படி நடக்கும்? முதல்ல அவங்களுக்குப் பத்து, பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி. ஸ்கேன்ல முட்டைப்பைகள் வளர்ந்தது தெரிஞ்சதும் கடைசியா ஒரு ஊசி போட்டு, சுமார் 36 மணி நேரத்துல முட்டையை எடுப்பாங்க. இவங்களுக்குச் சினைப்பை மேல ஏறி இருக்கலாம்; அப்போ வயித்து வழியா எடுக்க வேண்டி வரும். முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பி, மூச்சு வாங்கினா உடனே டாக்டர்கிட்ட போகணும். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதோட அறிகுறி அது.

லேப்ல கணவரோட விந்தணுவைச் சேர்த்து, கருவை அஞ்சு நாள் வளர்த்து, உறைய வைப்போம்.

அடுத்தது வாடகைத்தாய். திருமணமாகி, சொந்தக் குழந்தை உள்ள, 25 முதல் 35 வயசுப் பெண்ணா இருக்கணும். அவங்களுக்குச் சுமார் ரெண்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. கர்ப்பப்பையோட உள்படலம் 7, 8 மில்லிமீட்டர் வளர்ந்ததும் புரோஜெஸ்டிரோன் ஆரம்பிப்பாங்க. அஞ்சு நாள் கருன்னா, புரோஜெஸ்டிரோனும் அஞ்சு நாள் போயிருக்கணும். கருவோட வயசும் படலத்தோட வயசும் ஒத்துப் போனாத்தான் ஒட்டும். படலம் மெலிசா இருந்தா அந்த மாசம் நிறுத்திடுவாங்க. கரு உறைநிலையில பத்திரமா இருக்கும்.

வழக்கமா ஒரே ஒரு கருவைத்தான் வைக்கணும். கரு வைக்கிற வரைக்கும் அவங்க "வேண்டாம்"னு விலகிக்கலாம், அந்த உரிமை சட்டத்துல இருக்கு. சுமார் ரெண்டு வாரம் கழிச்சு ரத்தப் பரிசோதனை. பாசிட்டிவ் வந்தாலும், ஹார்மோன் அளவு சரியா ஏறுதான்னு ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பார்ப்பாங்க. நஞ்சுக்கொடி பொறுப்பெடுக்கிற வரைக்கும், அதாவது சுமார் 10, 12 வாரம், மாத்திரை தொடரும். அதுக்கு முன்னாடி மருந்தை நிறுத்தினா கரு கலையலாம்.

சரி, சினைப்பையும் இல்லைன்னா? 2023 மார்ச்ல வந்த விதித் திருத்தம், முட்டை, விந்தணு ரெண்டும் தம்பதியோடதாவே இருக்கணும்னு சொல்லிச்சு. சென்னை கருத்தரிப்பு மருத்துவர் அருண் முத்துவேல் பேர்ல நடந்த வழக்கோட சேர்த்து, எம்ஆர்கேஹெச் உள்ள ஒரு பெண் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. அவங்களுக்குக் கர்ப்பப்பையும் இல்லை, சினைப்பையும் இல்லை. 2023 அக்டோபர்ல அவங்க விஷயத்துல அந்த விதியை நீதிமன்றம் நிறுத்தி வச்சுது. 2024 பிப்ரவரியில அரசே விதியை மாத்துச்சு: ஒருத்தரோடதாவது தம்பதியோடதா இருந்தா, இன்னொண்ணு தானமா வரலாம், மாவட்ட மருத்துவ வாரியம் சான்று கொடுத்தா.

அந்த வாரியத்துகிட்டத்தான் சிகிச்சைக்கான மருத்துவக் காரணத்துக்கும் சான்று வாங்கணும். அம்பத்தூர் இப்போ சென்னை மாவட்டம். ஆவடி, பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். எங்க விண்ணப்பிக்கணும்னு முதல்லயே கேட்டுக்கோங்க. குழந்தை யாரோடதுங்கிற மாஜிஸ்திரேட் உத்தரவும் வேணும், வாடகைத்தாய்க்கு 36 மாச இன்ஷூரன்ஸும் வேணும்.

கடைசியா ஒண்ணு. பேர்தான் வாடகைத்தாய், ஆனா வாடகை கொடுக்கக் கூடாது. 2021 சட்டப்படி மருத்துவச் செலவு, இன்ஷூரன்ஸ் மாதிரி விதியில சொன்ன செலவுகளைத் தவிர வேற பணம் கொடுக்கிறது குற்றம். "இத்தனை லட்சம் கொடுங்க, ஆள் நான் பார்த்துத் தர்றேன்"னு யாராவது சொன்னா, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திடுங்க. மாட்டினா அந்த ஆள் மட்டும் இல்லை, தம்பதியும் ஜெயிலுக்குப் போகலாம்.