பாவில் இருவழக்கும் பொருந்தும் இடம்

(இராமேசுவரத்தில் இளம்பாவலர் கூட்டத்தில் ஆற்றிய பொழிவு)



ஒரே பாவில் செய்யுள் வழக்கும் பேச்சு வழக்கும் கலந்து வரலாமா, வரலாமெனின் எந்த அடிக்கு எது பொருந்தும் என்று இங்குள்ள இளைஞர் சிலர் வினவியிருந்தனர். தூயதமிழ் போற்றும் நமக்கு இவ்வினா சற்றுக் கடினமானதே. பேச்சுமொழி என்றவுடன் கொச்சை என்று ஒதுக்குவார் நம்முள்ளும் உளர். பேச்சுமொழியே உயிர்மொழி என்று சொல்லி, அதன் மறைவில் பிறமொழிச் சொற்களை மூட்டை மூட்டையாக இறக்குவார் வெளியே உளர். இவ்விருவர்க்கும் விடை தொல்காப்பியத்திலேயே உள்ளது.

தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புகளைக் கூறுகின்றார். அவற்றுள் 'அழகு' என்பது செய்யுளுக்கே உரிய மொழியால் சீர்புனைந்து யாப்பது. 'புலன்' என்பது சேரிமொழியால், அஃதாவது தெருவில் வழங்கும் மொழியால், ஆராய வேண்டாதபடி பொருள் தோன்றச் செய்வது. இரண்டையும் அவர் வனப்பு என்றே எண்ணினார். ஒன்றை உயர்வென்றும் மற்றொன்றை இழிவென்றும் கூறினாரல்லர். புலனுக்கு எடுத்துக்காட்டுக் காட்ட வந்த பேராசிரியர் என்னும் உரையாசிரியர், கூத்துக்குரிய செய்யுள்களைச் சுட்டுகின்றார். இதனை நினைவிற் கொள்ளுங்கள். கூத்தில் பேசுவோர் பாவலர் அல்லர். பாவலர் படைத்த மாந்தர். சேரிமொழிக்கு உரிய இடம் எது என்பதற்கு இதிலேயே குறிப்பு உண்டு.

பின்வந்த சிற்றிலக்கியங்களும் அவ்வழியே சென்றன. முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்ளும்போது வயல்வெளிப் பேச்சு வருகின்றது. நாட்டுவளம் கூறும்போது நடை உயர்கின்றது. குற்றாலக் குறவஞ்சியில் சிங்கனும் சிங்கியும் பேசும் மொழி வேறு, தலைவியின் எழிலைப் பாடும் மொழி வேறு. நம் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரால் அமைந்த நொண்டி நாடகமும் இத்தகைய மரபினதே. நொண்டி நாடகம் என்னும் வகையில் கால் இழந்த கள்வன் ஒருவன் தன் வாழ்வைத் தானே சிந்தில் சொல்லிச் செல்வான். இந்நூல்களில் பெரும்பாலும் நிகழ்ச்சியை எடுத்துரைக்க ஒரு யாப்பும், மாந்தர் பேசச் சிந்து, கண்ணி முதலிய வேறு யாப்பும் வருவதைக் காண்பீர்கள். அதற்குக் கரணியம் உண்டு. அதனை ஒரு பாவைக் கொண்டே விளக்குகின்றேன்.

1964 திசம்பர் 22 நள்ளிரவில் தனுக்கோடியைப் புயல் அழித்ததை நீங்கள் அறிவீர்கள். பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டியும் அவ்விரவில் கடலுக்கு இரையாயிற்று. ஊர் வாழத் தகாததென அரசு அறிவித்தது. அவ்விரவைப் பாட வேண்டும். கணவனைப் பறிகொடுத்த பெண்ணொருத்தியின் சொல்லும் அதில் வரவேண்டும் என்று கொள்வோம். பாவலன் கூற்றை வெண்பாவில் அமைக்கின்றேன்:

கொண்டல் சினந்தெழக் கோடி நிலமூழ்க
வண்டி வழியிழந்து வன்கடல் சேரிரவில்
மண்டு மணல்மேட்டில் மாதொருத்தி நின்றுரைத்தாள்
கண்ட துயரங் கரைந்து.

இனி அவள் பேச வேண்டும். கரையில் உலர்த்திய வலையை எடுக்கச் சென்ற கணவர் திரும்பவில்லை என்பது அவள் சொல்ல வேண்டிய செய்தி. அதனையும் வெண்பாவிலேயே சொல்ல முயல்வோம். 'வலையெடுக்கப் போனார் வரவில்லை' என்றால் தளை சரியாக நிற்கின்றது. 'போனார்' என்பது நேர்நேர், தேமா. மாவின் முன் நிரை வரவேண்டும். 'வரவில்லை' நிரையில் தொடங்குகின்றது.

ஆனால் இந்தக் கரைப்பெண் தன் கணவரைப் 'போனார்' என்று சொல்லமாட்டாள். 'போனான்' என்று சொல்லவே மாட்டாள். முகவைச் சீமையில் மதிப்புக்குரியவரைப் 'போனாக', 'வந்தாக' என்றுதான் சொல்வர். அவ்விகுதியில் அவள் கணவர்பால் வைத்த மதிப்பு முழுதும் இருக்கின்றது. சரி, 'வலையெடுக்கப் போனாக வரலே' என்று மாற்றிப் பாருங்கள். 'போனாக' நேர்நேர்நேர், தேமாங்காய். காயின் முன் வெண்பாவில் நேரே வரவேண்டும். 'வரலே' நிரையில் தொடங்குவதால் கலித்தளை தட்டி வெண்பா உடைகின்றது.

வினைமுற்றின் ஈறு ஒன்று மாறியதற்கே இவ்விளைவு. 'போகிறான்' கூவிளம், 'போறான்' தேமா. முன்னதன் பின் நேர் வரவேண்டும், பின்னதன் பின் நிரை வரவேண்டும். செய்யுள் வழக்குக்கென வகுத்த தளைக்குள் பேச்சுச் சொல்லைத் திணித்தால், தளை கெடும். அன்றேல் தளைக்காகப் பேச்சைத் திரிக்க நேரும். சிந்திலும் கண்ணியிலும் இந்நெருக்கடி இல்லை. அங்குத் தளையை விடத் தாள ஓட்டமே ஆள்வது. நீட்டியும் குறுக்கியும் பாடிக்கொள்ளலாம். முன்னோர் மாந்தர் பேச்சுக்கு வேறு யாப்பை எடுத்ததில் இவ்வசதி இருக்கின்றது. ஆகவே அவள் சொல்லைக் கண்ணியாக்குகின்றேன்:

வாடியிலே காயவச்ச வலையெடுக்கப் போனாக
வந்தஅலை போயிருச்சு போனவுக வரலையே!
ஆண்கடலும் பெண்கடலும் அன்னைக்கித்தான் ஒண்ணாச்சு...

இம்மூன்றாம் அடிதான் ஐயத்துக்குரியது. தென்புறத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடபுறத்துப் பாக்கு நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் இங்குள்ளோர் வழங்குவர். இரண்டும் ஒன்றாகி ஊரை மூடியதைப் பாவலன் சொல்வதா, அவள் சொல்வதா? பாவலன் சொன்னால் 'இருகடலும் ஒன்றாயின' என்று முடியும். நிகழ்ச்சி மட்டும் கிடைக்கும். அவள் சொன்னால், நாள்தோறும் பெயர்சொல்லிப் பழகிய இரு கடல்களும் அவளைக் கைவிட்டன என்பதும் சேர்ந்து கிடைக்கும். ஆகலின் அடியை அவளுக்கே கொடுத்தேன். அடிக்கேற்ற வழக்கைத் தேர்வதென்பது இதுதான்: இவ்வடியை யார் சொல்கின்றார் என்று கேளுங்கள். சொல்பவர் தெளிந்தால் வழக்குத் தானே தெளியும்.

கொடுத்தபின் அரைகுறையாய் நிறுத்தக் கூடாது. சிலர் அவ்விடத்தில் 'ஒன்றாச்சு' என்று எழுதுவர். 'ஒன்று' ஏட்டில் உள்ளது. 'ஆச்சு' வாயில் உள்ளது. அவள் வாயில் 'ஒண்ணாச்சு' என்றே வரும். பாவலன் எழுதினால் 'ஒன்றாயிற்று'. 'ஒன்றாச்சு' இருவர்க்கும் உரியதன்று. கலப்பு உறுத்துவது பெரும்பாலும் இவ்வாறு ஒரே சொல்லுக்குள் இரு வழக்கு முட்டும்போதுதான்.

மேற்கோள் முடியும் இடத்திலும் இவ்விழிப்பு வேண்டும். 'வரலையே என்றாள்' என்பது சரி. 'வரலையே' வரை அவள், 'என்றாள்' பாவலன். 'வரலையேன்னு சொன்னாள்' என்றால், 'ன்னு' பேச்சு, 'சொன்னாள்' ஏடு. யார் சொல்வதென்று தெரியாமற் போகின்றது. இரு வழக்கும் ஓரடியில் நிற்கலாமெனின், பேசியவர் சொல் முடிந்து பாவலன் சொல் தொடங்கும் அந்த ஓரிடத்திலேதான்.

பெயர்ச்சொற்களுக்கு இத்துணைத் தடையில்லை. கொண்டல், வாடை, வலை, கரை ஆகியன ஏட்டிலும் உண்டு, மீனவர் நாவிலும் உண்டு. வாடைக்காற்று நெடுநல்வாடை என்னும் சங்கப்பாட்டின் பெயரிலேயே வீசுகின்றது. இக்கரையில் இன்றும் அப்பெயராலேயே வீசுகின்றது. வழக்கைக் காட்டிக் கொடுப்பது பெரிதும் வினையின் ஈறே. எனவே திருத்தும்போது முதலில் வினைமுற்றுகளின் கீழ்க் கோடிட்டுப் பாருங்கள்.

இனி, கொச்சை என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். 'காயவைத்த' என்பது 'காயவச்ச' ஆனது சிதைவன்றோ என்பர். இது நெறியுடைய திரிபு. பேச்சில் இகர, ஐகாரங்களை அடுத்த 'த்த' 'ச்ச' ஆகும்: அடித்தான், அடிச்சான், நினைத்த, நெனச்ச. உகரத்தை அடுத்தது ஆகாது: எடுத்தான், கொடுத்தான், படுத்தான் என்பன அப்படியே நிற்கும். 'ஆயிற்று' 'ஆச்சு' ஆனதும் அவ்விகரத்தின் தொழிலே. ஆகவே பேச்சுநடை என்று எண்ணி ஒருவர் 'கொடுச்சான்' என எழுதினால், அவர் பேச்சைக் காதால் கேட்டு எழுதவில்லை என்று கண்டுகொள்ளலாம். உண்மைப் பேச்சுக்கு இலக்கணம் உண்டு. போலிப் பேச்சுக்கே அஃதில்லை.

பிறமொழிச் சொல்லின் நிலை வேறு. தொடர்வண்டியை ஆங்கிலப் பெயராலும் இக்கரையார் வழங்குவர். 'வண்டி' என்றும் வழங்குவர். இரண்டும் பேச்சே. பேச்சு வழக்கை எடுப்பவன் இரண்டாவதை எடுக்கத் தடையென்ன? படகுக்கு வள்ளம், வத்தை என்னும் சொற்கள் இங்கு உள்ளன. பேச்சின் ஈற்றையும் ஒலியையும் ஏற்பதால் அயற்சொல்லையும் ஏற்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இவை இரண்டையும் பிரித்துக் காணாமையால்தான், நம்மவர் சிலர் மீனவப் பெண்ணின் 'போனாக'வையும் நகரத்தார் கலப்பு மொழியையும் ஒரே கூடையில் எறிகின்றனர். அவ்வாறு எறிந்தால் தனுக்கோடியைப் பற்றிய பாக்களில் பாவலர் குரல்தான் இருக்கும். தனுக்கோடியார் குரல் இராது.

வரம்பு ஒன்றும் உண்டு. புலன் என்பது ஆராயாமல் பொருள் தோன்றுவது. இக்கரைச் சொல் கோவையிலும் ஈழத்திலும் உள்ளவர்க்கு விளங்க வேண்டுமே? 'போனாக' சூழலால் விளங்கிவிடும். 'தீடை' என்று அவள் சொன்னால் பிறர் தடுமாறுவர். அச்சொல்லைப் பாவலன் கூற்றில் வைத்து, அலைநடுவே எழுந்த மணல்திட்டு என்பது அடியிலேயே புலப்படச் செய்க. அடிக்குறிப்பு வேண்டிய பேச்சுச்சொல் புலனாகாது.

எழுதி முடித்தபின், பேச்சு அடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கரைக்குச் செல்லுங்கள். வலை பின்னும் பெண்கள் முன் படித்துக் காட்டுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லும்போது ஏதேனும் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால், அம்மாற்றத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்யுள் அடிகளுக்குத் தொல்காப்பியம் ஆசிரியன்; அவ்வடிகளுக்கு அப்பெண்களே ஆசிரியர்.