புதுக் காபிக் கடையின் முதல் மாதப் படங்கள்

திருச்சி தில்லைநகரில் ஒரு குறுக்குத் தெரு, அதில் முதல் மாடியில் ஒரு கணவனும் மனைவியுமாகச் சின்னதாக ஒரு கஃபே திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஃபில்டர் காபி, மாலை நாலு மணிக்கு வாழைப்பூ வடை. கையில் ஒரு செல்போன் இருக்கிறது. போட்டோகிராபருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. இன்ஸ்டாகிராமில் முதல் மாதம் என்னென்ன போடுவது?

தினம் ஒரு படம் என்று ஆரம்பித்தால் பத்தாம் நாள் மூச்சு வாங்கும். கல்லாவையும் அடுப்பையும் பார்க்கிறவர்களால் வாரத்துக்கு மூன்றுதான் முடியும். மாதத்துக்குப் பன்னிரண்டு. ஒரு நோட்டில் நாலு வரி போட்டு, வரிக்கு மூன்று கட்டம் வரைந்தால் திட்டம் முடிந்தது. கட்டங்களில் என்ன எழுதுவது என்பதுதான் விஷயம்.

முதல் வாரம் காபியைக் காட்டாதீர்கள். வழியைக் காட்டுங்கள். மாடிக் கடைக்குப் பெரிய எதிரி, படியைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போகிறவர்தான். மெயின்ரோட்டிலிருந்து திரும்பி, படியேறி, கதவைத் திறக்கிற வரைக்கும் பதினைந்து விநாடி வீடியோ ஒன்று. திறக்கும் நேரமும் வார விடுமுறையும் தெரிகிற படம் ஒன்று. வண்டி எங்கே நிறுத்தலாம் என்று ஒன்று. இந்த மூன்றையும் பக்கத்தின் உச்சியில் பின் செய்து வைக்கலாம். கூகுள் மேப்பிலும் இதே படங்களை ஏற்றுங்கள். காபி குடிக்க இடம் தேடுகிறவர் பலர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இரண்டாம் வாரம் பண்டங்கள். படத்துக்கு ஒரு பண்டம், கூடவே விலை. விலையை மறைத்துவிட்டு, தனியாகச் செய்தி அனுப்பிக் கேளுங்கள் என்று எழுதுகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

படமெடுக்க ஒரே ஒரு காலை போதும். ஜன்னலோர மேசையைத் தேர்ந்தெடுங்கள். வெயில் நேராக விழுந்தால் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். கடை விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்தால் கேமரா எந்த நிறத்தை நம்புவது என்று குழம்பி, டம்ளரின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள் என்று ஆக்கிவிடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். அதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள். சமையலறையில் புழங்குகிற போனில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்காது, படம் மங்கலாக வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

காபியின் அழகு நுரை. அது சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் காலி டம்ளரை வைத்து இடம், கோணம் எல்லாம் சரிபார்த்த பிறகே காபியை ஆற்றி ஊற்றச் சொல்லுங்கள். நுரையின் உயரம் தெரிய வேண்டுமானால் பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். வடைத் தட்டை மேலிருந்து எடுத்தாலும் பரவாயில்லை. பளபளக்கும் டபராவில் எடுக்கிறவரின் சட்டை அப்படியே தெரியும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

மூன்றாம் வாரம் வேலையைக் காட்டுங்கள்: டிகாக்‌ஷன் சொட்டுவது, வடை தட்டுவது. பின்னணிக்கு சினிமாப் பாட்டு வேண்டாம். வணிகக் கணக்குக்கு எல்லாப் பாட்டுக்கும் உரிமை கிடையாது. வீடியோவின் ஒலியையே இன்ஸ்டாகிராம் நிறுத்திவிடலாம். காபி ஆற்றுகிற சத்தமே போதும். வாடிக்கையாளர் முகம் விழுந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள், குழந்தையானால் பெற்றோரிடம். வடை வீடியோவை மூணேகால் மணிக்குப் போடுங்கள், பசி எட்டிப் பார்க்கிற நேரம். ‘நாலு மணி முதல், தீரும் வரை’ என்று எழுத மறக்காதீர்கள். படத்தைப் பார்த்து ஆறரைக்கு வந்து வெறும் தட்டைப் பார்த்தவர் மறுபடி வருவது கஷ்டம்.

நாலாம் வாரத்தில் இரண்டு கட்டங்களைக் காலியாக விடச் சொல்வேன். மூன்று வாரமாகக் கல்லாவில் ஜனங்கள் கேட்ட கேள்விகள்தான் அவற்றை நிரப்ப வேண்டும். சர்க்கரை இல்லாமல் கிடைக்குமா, அப்பாவுக்கு முட்டி வலி, படி எத்தனை என்று கேட்டிருப்பார்கள். அந்தப் பதிலே பதிவு. மூன்றாவது கட்டம், அந்த மாதம் அதிகம் விற்ற பண்டத்துக்கு.

லைக் எண்ணிக்கையைப் பார்த்துப் பூரிக்க வேண்டாம். முதல் மாத லைக்குகளில் பாதி சித்தப்பா, அத்தை வீட்டுக் கணக்குகள். பில் போடும்போது “எங்களை எப்படித் தெரிந்தது?” என்று கேட்டு, நோட்டில் இன்ஸ்டாகிராம், மேப், நண்பர், போர்டு என்று நாலு பத்தியில் கோடு போடுங்கள். மாதக் கடைசியில் மேப் பத்தி நீண்டிருந்தால், அடுத்த மாதம் வாரத்துக்கு இரண்டே பதிவு போட்டுவிட்டு, மிச்ச நேரத்தை மேப் படங்களுக்கும் அங்கே எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்வதற்கும் கொடுங்கள்.