வடநாட்டுக் குளிர்காலமும் நம் மனச்சோர்வும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நார்வேயில வேலை பார்க்கிறீங்க, அதைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார். சம்பளம், விசா எல்லாம் நீங்களே விசாரித்துத் தெரிந்துகொள்வீர்கள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆகஸ்டில் சந்தோஷமாக வந்து இறங்குகிறார்கள். நவம்பர் வந்ததும் ஒருவிதமாகச் சோர்ந்துபோகிறார்கள். வீட்டு ஞாபகம் என்று நினைக்கிறார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் அதில் ஒரு பெரிய பங்கு வெளிச்சத்தைப் பற்றியது. அதை லக்ஸ் கணக்கில் அளக்கலாம், சரிசெய்யவும் செய்யலாம்.

முதலில் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். புதுச்சேரி 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. மார்கழியில் பகல் மிகக் குறுகிய நாளிலும் நமக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. அன்றைக்கு நண்பகலில் சூரியன் தொடுவானத்துக்கு மேலே ஏறக்குறைய 55 டிகிரியில் நிற்கும். ஆஸ்லோ 60 டிகிரியில் இருக்கிறது. அங்கே அதே நாளில் சூரியன் காலை 9.18 வாக்கில் எழுந்து, 7 டிகிரிகூட ஏறாமல், பிற்பகல் 3.12-க்கு மறைந்துவிடும். இன்னும் வடக்கே ட்ரோம்சோவில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

நம்மவர்களுக்கு இது புதிய கதையுமல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து ஆன்டனி ராஜேந்திரம் 1956-ல் நார்வே போய்ச் சேர்ந்தார். 1980-களில் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் பலர் வடகோடியிலுள்ள பின்மார்க் மாவட்டத்தின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை பார்த்தார்கள். இருட்டில் வேலைக்குப் போய், டியூப்லைட்டின் கீழே மீன் வெட்டி, இருட்டில் வீடு திரும்பிய வாழ்க்கை அது.

சரி, இருட்டு மனதை ஏன் தொடுகிறது? மின்னணுவியல் படித்தவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் மூளைக்குள், ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது ஒரு ஆஸிலேட்டர். ஆனால் அதன் இயல்பான சுற்று சரியாக 24 மணி நேரம் அல்ல. பெரும்பாலோருக்கு அதைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். அப்படியே விட்டால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். அதை வெளியுலகத்தோடு பூட்டிவைக்க ஒரு ஸிங்க் பல்ஸ் வேண்டும். அந்தப் பல்ஸ்தான் காலை வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட தனி செல்கள் இருக்கின்றன. பார்ப்பது அவற்றின் முக்கிய வேலை அல்ல. வெளிச்சம் எவ்வளவு என்று கடிகாரத்துக்குச் சொல்வதுதான். விடியலை ஒட்டிக் கிடைக்கும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும். இரவில் கிடைக்கும் வெளிச்சம் பின்னே தள்ளும்.

இங்கே நம் அம்மாக்கள் வாசல் தெளித்துக் கோலம் போடும்போதே அந்தப் பல்ஸ் கிடைத்துவிடுகிறது. கடற்கரைச் சாலையில் காலை நடை போகிறவருக்குக் கேட்கவே வேண்டாம். ஆஸ்லோவில் டிசம்பரில் எட்டு மணிக்கு ஆபீசுக்குள் நுழைந்து நான்கு மணிக்கு வெளியே வருகிறவருக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை அது வருவதே இல்லை. கடிகாரம் நழுவுகிறது. அலாரம் அடித்தாலும் உடம்புக்கு அது இன்னும் நடுராத்திரி. ட்ரோம்சோ மாணவர்களையும் கானா நாட்டு மாணவர்களையும் ஒப்பிட்டு 2012-ல் வெளியான ஓர் ஆய்வு இதையே காட்டியது. கானாவில் தூங்கும் நேரம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. ட்ரோம்சோவில் குளிர்காலத்தில் தள்ளிப்போனது.

இந்தச் சோர்வை ஒரு நோயாக முதலில் விவரித்தவர் நார்மன் ரோசன்தால், 1984-ல். அவரே வெயில் நாடான தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போனவர்; தன் உற்சாகம் குளிர்காலத்தில் வடிவதைத் தன்னிடமே கண்டவர். அந்த ஆய்வைத் தூண்டிவிட்டவர்களில் ஒருவர் நம் இனம், ஒரு பொறியாளர்! ஹெர்பர்ட் கெர்ன் என்பவர் தன் மனநிலையின் ஏற்ற இறக்கத்தை வருஷக்கணக்கில் குறித்துவைத்து, அது பருவத்தோடு ஓடுவதைக் கண்டு, குறிப்புகளோடு ஆராய்ச்சியாளர்களிடம் போனார். காலையும் மாலையும் பிரகாசமான விளக்கின் முன் உட்காரவைத்தார்கள். சில நாட்களிலேயே தேறினார்.

இப்போது ஓர் உண்மைக் கணக்கு. நம் கல்லூரித் தம்பி ஒருவர் ஓர் ஆகஸ்டில் ஆஸ்லோ வந்தார். நவம்பர் நடுவில் என்னிடம், "அண்ணே, பன்னெண்டு மணி நேரம் தூங்குறேன், ஆனாலும் அசதி போகல. சாயங்காலம் ஆனா இனிப்பா எதையாவது தின்னுக்கிட்டே இருக்கேன். எதுலயும் பிடிப்பு இல்ல" என்றார். இதுதான் அடையாளம். சாதாரண மனச்சோர்வில் பலருக்குத் தூக்கமும் பசியும் குறையும். குளிர்காலச் சோர்வில் பெரும்பாலும் இரண்டும் கூடும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன்: எத்தனை மணிக்குத் தூங்கினார், எழுந்தார், வெளியே எத்தனை நிமிஷம் இருந்தார். வெளிச்சத்தையும் அளந்தோம். மேஜைமேல் அல்ல, கண் மட்டத்தில், பார்க்கும் திசையை நோக்கி அளக்க வேண்டும். வீட்டில் 80 லக்ஸ், ஆபீசில் 250. நம் ஊர் நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். மர நிழலில் நின்றால்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆபீஸ் விளக்கு நமக்கு "நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு" என்று தோன்றும். கண் எந்த வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்தப் பல நூறு மடங்கு வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. தம்பியின் நோட்டில் வார நாட்களில் ஆயிரம் லக்ஸுக்கு மேல் கழித்த நேரம்: பூஜ்யம்.

செய்தது மூன்றே காரியம். ஒன்று, மதியச் சாப்பாட்டை இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு ஆற்றங்கரையில் நாற்பது நிமிஷ நடை. ஆஸ்லோவில் மேகம் மூடிய டிசம்பர் நண்பகலில்கூட வெளியே பொதுவாக ஆயிரம் லக்ஸைத் தாண்டும். பனி கிடந்தால் இன்னும் கூடும். இரண்டு, காலை எழுந்ததும் சிகிச்சை விளக்கின் முன் அரை மணி. புற ஊதாக் கதிரை வடிகட்டிய, 10,000 லக்ஸ் தரும் விளக்கு அது. விளக்கையே முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கண் திறந்திருக்க, பக்கத்தில் அது எரிய, காப்பி குடிக்கலாம். மூன்று, இரவு ஒன்பதுக்கு மேல் வீட்டு விளக்குகளைத் தணித்து, நடுநிசி வரை போனில் படம் பார்ப்பதை நிறுத்தியது.

பத்து நாள் கழித்து, "ஒண்ணும் தெரியலண்ணே" என்றார். போய்ப் பார்த்தால் விளக்கு மேஜையின் மறுகோடியில், ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது! 10,000 லக்ஸ் என்பது அந்த விளக்குக்கு 30 சென்டிமீட்டரில் சொன்ன அளவு. தூரம் கூடினால் வெளிச்சம் வர்க்க விகிதத்தில் குறையும் என்று இந்தக் கல்லூரியில்தானே படித்தோம்? மீட்டரை வைத்தால் ஆயிரம் சொச்சம்தான் காட்டியது. கிட்டே நகர்த்தினோம். அடுத்த வாரத்தில் காலை எழுவது சுலபமாயிற்று. அதற்கடுத்த வாரம் முகம் தெளிந்தது. சோம்பலாக ஒரு வாரம் விட்டார், பழைய அசதி திரும்பியது. மார்ச்சில் சூரியனே வேலையை எடுத்துக்கொண்டது. மறு வருஷம் அக்டோபரிலேயே ஆரம்பித்தார்.

இதே மதிய நடை ட்ரோம்சோவில் டிசம்பரில் போதாது. அங்கே நண்பகலில் வருவது நீல நிற அந்தியொளி மட்டும். அழகாக இருக்கும், ஆனால் அளந்தால் நம் வீட்டு டியூப்லைட் அளவைத் தாண்டாது. அங்கே விளக்குதான் வழி.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "வைட்டமின் டி மாத்திரை போட்டுக்கிறேனே, போதாதா?" என்று கேட்பார்கள். இரண்டும் வேறு கணக்கு. வைட்டமின் டி தோல் வழியே, புற ஊதாக் கதிரால் உண்டாவது. கறுத்த தோலுக்கு அந்த வெயில் கூடுதலாக வேண்டும். ஆஸ்லோவில் குளிர்காலம் முழுதும் அதற்குத் தேவையான கதிரே கீழே வந்து சேராது. ஆகவே ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்னால் மாத்திரை எடுக்கத்தான் வேண்டும். கடிகாரத்துக்கு வேண்டிய வெளிச்சமோ கண் வழியே போவது. அதற்குத் தோல் நிறம் பொருட்டல்ல, மாத்திரையும் மாற்றல்ல.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். வடக்கே போகப் போகச் சோர்வு கூடிக்கொண்டே போகும் என்றும் இல்லை. ஐஸ்லாந்துக்காரர்களிடம் இது அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையைவிடக் குறைவு என்று 1993-லேயே காட்டினார்கள். பின்மார்க் தமிழர்களோடு தங்கி ஆராய்ந்த ஆன் சிக்ஃப்ரிட் குரோன்செத் என்ற மானிடவியலாளர் 2010-ல் ஒரு நூல் எழுதினார். காரணம் பிடிபடாத உடல்வலிகளோடு அவர்கள் மருத்துவரிடம் போனதற்கு, உற்றார் உறவும் பழகிய வாழ்க்கையும் அறுந்துபோனதையே அவர் முக்கியமாகக் காட்டுகிறார். தனிமைக்கு விளக்கு மருந்தல்ல. பிரித்தறிய ஒரு வழி உண்டு: அக்டோபர், நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் விலகி, மறு வருஷமும் அப்படியே வந்தால் வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள். ஜூன் மாதத்திலும் அதே சோர்வு இருந்தால் காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள். தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்க்க வேண்டும். பைபோலார் கோளாறு உள்ளவர்களும், விழித்திரை நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் விளக்கைத் தொடக்கூடாது; முன்னவர்களுக்கு அது மனத்தை எதிர்ப்பக்கம் தூக்கிவிடலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் விளக்கு, நோட்டு எல்லாம் அப்புறம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக, பொறியாளர்கள் ரசிக்க ஒரு செய்தி. நார்வேயில் ரியூகான் என்று ஒரு பள்ளத்தாக்கு ஊர். மலை மறைப்பதால் ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் அங்கே நேர் வெயில் விழாது. 1928-ல் ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் மேலே போய் வெயில் காயவென்றே நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் ஒரு கம்பிவட ஊர்தி போட்டுக் கொடுத்தது. 2013-ல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை வைத்தார்கள். அவை சூரியனைத் தொடர்ந்து திரும்பி, வெயிலை ஊர் நடுச் சதுக்கத்தில் கொண்டுவந்து இறக்குகின்றன. மதியம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்திக்கொண்டிருக்கிற கூட்டத்தைப் பார்த்தால், நாம் இங்கே குடையை விரித்துத் தள்ளிவிடுகிற சரக்கின் விலை தெரியும்.

வடக்கே புறப்படும் தம்பி தங்கைகள் பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் தேதி எழுத ஆரம்பியுங்கள்.