வங்கிக் கணக்கில் சிறு பிடித்தங்கள்
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



உழவர்க்குரிய மத்திய அரசின் உதவித் தொகை ஆண்டில் மூன்று தவணையாக, தவணைக்கு 2,000 ரூபாய் வீதம், வங்கிக் கணக்கில் வந்து சேருகிறது. அதனை எடுக்கச் செல்லும் சிலர், முழுத் தொகையும் இல்லையென்று கண்டு, அரசு குறைத்து அனுப்பியதோ, எவரேனும் திருடினரோ என்று ஐயுறுகின்றனர். பெரும்பாலும் இரண்டும் அல்ல. வங்கியே சிறு கட்டணங்களைப் பிடித்திருக்கும். இக்கட்டணங்களுள் குறுஞ்செய்திக் கட்டணம், ஏ.டி.எம். அட்டையின் ஆண்டுக் கட்டணம் ஆகிய இரண்டை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலில், இவை ஏன் பிடிக்கப்படுகின்றன என்பதைக் காண்போம். நம் கணக்கில் பணம் வந்தாலும் போனாலும் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. அச்செய்தி ஒவ்வொன்றுக்கும் வங்கியானது தொலைபேசி நிறுவனத்திற்குப் பணம் கொடுக்கிறது. அச்செலவையே வங்கிகள் வாடிக்கையாளரிடம் வாங்குகின்றன. சில வங்கிகள் மூன்று மாதத்திற்கு 15 ரூபாய் என்று வைத்துள்ளன. சில, செய்தி ஒன்றுக்கு 20 அல்லது 25 காசு என்று கணக்கிடுகின்றன. வாங்காத வங்கிகளும் உண்டு. அனுப்பிய செய்திகளின் உண்மையான எண்ணிக்கைக்கு ஏற்பவே கட்டணம் இருத்தல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டு நவம்பரில் அறிவுறுத்தியது. ஆகவே, மூன்று மாதம் ஒரு செய்தியும் வராத கணக்கில் முழுக் கட்டணம் பிடிக்கப்பட்டிருப்பின், காரணம் கேட்பது முறையே.

அட்டையின் செய்தி வேறு. நம் வங்கியின் அட்டையைக் கொண்டு வேறொரு வங்கியின் இயந்திரத்தில் பணம் எடுத்தால், நம் வங்கி அந்த வங்கிக்கு ஒரு தொகை தருகிறது. அட்டை அச்சிடுதல், கணினித் தொடர்பு ஆகியவற்றின் செலவும் உண்டு. இவற்றை ஈடுசெய்யவே ஆண்டுக் கட்டணம் வைக்கப்பட்டுள்ளது. இங்கே ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும்: அட்டையைப் பயன்படுத்தினாலும், பெட்டியில் பூட்டி வைத்தாலும் கட்டணம் ஒன்றே. ஒரே கணக்கிற்கு இரண்டு அட்டைகள் உயிரோடிருந்தால் இரண்டிற்கும் கட்டணம் உண்டு. பெரும்பாலும் முதலாண்டில் வாங்காமல், அட்டை பெற்ற மாதத்தை ஒட்டி அடுத்த ஆண்டு முதல் பிடிப்பர். ஆதலால் பலருக்கு அது எதிர்பாராத பிடித்தமாகத் தோன்றுகிறது.

இனி, பாஸ் புத்தகத்தில் இவற்றைக் கண்டுகொள்ளும் வழியைக் கூறுவோம். பற்று, வரவு, இருப்பு என்று மூன்று பத்திகள் இருக்கும். பிடித்தம் பற்றுப் பத்தியில் வரும். அதற்கெதிரே விவரம் ஆங்கிலத்தில் சுருக்கமாக அச்சாகியிருக்கும். SMS CHRG என்பது போலிருந்தால் குறுஞ்செய்திக் கட்டணம்; ATM AMC அல்லது CARD ANNUAL FEE என்பது போலிருந்தால் அட்டைக் கட்டணம். எழுத்துகள் வங்கிக்கு வங்கி மாறுமாகையால், தொகையைக் கொண்டு கண்டுபிடிப்பதே எளிது.

வங்கிக் கட்டணத்தின்மீது நூற்றுக்குப் பதினெட்டு வீதம் சரக்கு-சேவை வரி உண்டு. கட்டணம் 15 ரூபாயாயின் வரி 2 ரூபாய் 70 காசு. ஆக 17 ரூபாய் 70 காசு பிடிக்கப்படும். ஆண்டுக் கட்டணம் 200 ரூபாயாயின் வரி 36 ரூபாய். ஆக 236 ரூபாய். எனவே, விளங்காத ஒரு பற்றுத் தொகையை 100-ஆல் பெருக்கி 118-ஆல் வகுத்துப் பாருங்கள். 15, 125, 200 என்பன போன்ற முழுத் தொகை கிடைத்தால், அது பெரும்பாலும் வங்கிக் கட்டணமே. சில வங்கிகள் வரியைத் தனி வரியாக GST என்று காட்டும். அப்போது அடுத்தடுத்த இரு பற்றுகளையும் கூட்டிக்கொள்க.

ஓர் உழவரின் கணக்கை உதாரணமாகக் கொள்வோம். ஏப்ரல் முதல் நாள் இருப்பு 640 ரூபாய். மே 28-இல் 20 ரூபாய் பற்று, இருப்பு 620. ஜூன் 30-இல் 17 ரூபாய் 70 காசு பற்று. இருப்பு 602 ரூபாய் 30 காசு. ஜூலை 12-இல் 236 ரூபாய் பற்று. இருப்பு 366 ரூபாய் 30 காசு. ஆகஸ்டில் உதவித் தொகை 2,000 ரூபாய் வரவு.

இவற்றுள் முதற்பற்றான 20 ரூபாய் வங்கிக் கட்டணம் அன்று. அது பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டின் ஓராண்டுச் சந்தா. மே மாத இறுதியில் பிடிக்கப்படுவது. ஆயுள் காப்பீட்டில் சேர்ந்தவர்க்கு அதே நாட்களில் 436 ரூபாய் பிடிக்கப்படும். 20-ஐயோ 436-ஐயோ 118-ஆல் வகுத்தால் முழுத் தொகை வாராது. இவற்றைக் கட்டணமென்று எண்ணி நிறுத்திவிட்டால், விபத்து நேர்ந்த காலத்தில் குடும்பத்திற்குக் காப்பீடு இராது. ஏனைய இரண்டுமே கட்டணங்கள். குறுஞ்செய்திக்கு ஆண்டில் நான்கு முறை 17 ரூபாய் 70 காசு வீதம் 70 ரூபாய் 80 காசு, அட்டைக்கு 236, மொத்தம் 306 ரூபாய் 80 காசு. ஆண்டு உதவித் தொகையான 6,000 ரூபாயில் இது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகும்.

கணக்கில் பணம் இல்லாதபோது சில வங்கிகள் கட்டணத்தை நிலுவையாக வைத்து, பணம் வந்தவுடன் எடுத்துக்கொள்ளும். 35 ரூபாய் 40 காசு என்றிருந்தால் அது இரண்டு காலாண்டு நிலுவை. 53 ரூபாய் 10 காசு என்றிருந்தால் மூன்று காலாண்டு நிலுவை. உதவித் தொகை வந்த அன்றே குறைவது இதனாலேயே.

இவற்றைக் குறைக்க வழியுண்டு. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒரு வகை உளது. ஜன் தன் கணக்குகளும் இவ்வகையினவே. இதில் குறைந்தபட்ச இருப்பு வேண்டுவதில்லை. அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் வாங்குதலும் ஆகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சாதாரணச் சேமிப்புக் கணக்கு உடையவர் எழுதிக் கேட்டு இதற்கு மாறலாம். ஆனால், அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருத்தல் கூடாது. மாறவிரும்பாதவர், பயன்படாத அட்டையை நிறுத்துமாறு எழுத்து மூலம் கேட்கலாம். அட்டையை முறித்தெறிவதனால் மட்டும் கட்டணம் நில்லாது.

குறுஞ்செய்தியை நிறுத்துமாறு நாம் கூறமாட்டோம். கணக்கிலிருந்து எவரேனும் மோசடியாகப் பணம் எடுத்தால், முதலில் அறிவிப்பது அச்செய்தியே. நம் தவறும் வங்கியின் தவறும் இன்றி நேர்ந்த மின்னணு மோசடியை, செய்தி பெற்ற மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால், இழப்பு நம்மைச் சாராது என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதித்தது. காலம் தாழ்த்தினால் அப்பாதுகாப்பு குறையும். செய்தி வாராதவருக்குத் திருட்டே தெரியாது.

முறையற்ற பிடித்தமென்று தோன்றினால், தேதி, தொகை, விவரச் சொற்கள் ஆகிய மூன்றையும் எழுதிக் கிளை மேலாளரிடம் கொடுத்து, நகலில் ஒப்பம் பெறுக. முப்பது நாட்களில் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான இணைய முகவரி cms.rbi.org.in; விவரம் கேட்க, தொலைபேசி எண் 14448.

மன்ற உறுப்பினர்கள் ஜூலை, அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் மாதங்களின் முதல் வாரத்தில் தத்தம் வார்டு மக்களைப் பாஸ் புத்தகத்தில் வரவு செலவு பதியச் செய்யுமாறு வேண்டுகிறோம். காலாண்டுக் கட்டணம் பெரும்பாலும் முந்திய மாத இறுதியை ஒட்டியே பிடிக்கப்படுவதால், அப்போது பார்த்தால் ஒன்றும் தப்பாது.